ஒரே கணக்குத் தேர்வுக்கு நாலு செட் வினாத்தாள்

பத்தாம் வகுப்புக்கு அலகுத் தேர்வு வைக்கும்போது நான் நாலு செட் தயாரிக்கிறேன். ரெண்டு போதாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதும்தான். ஆனால் பையன் எட்டிப் பார்ப்பது பக்கத்தில் மட்டும் இல்லை. நேர் முன்னால் இருப்பவனின் தாளை அவன் முதுகே மறைத்துவிடும். குறுக்கே முன்னால் இருப்பவனின் தாள்தான் நன்றாகத் தெரியும். ரெண்டு செட்டை மாற்றி மாற்றிக் கொடுத்தால் சதுரங்கக் கட்டம் மாதிரி குறுக்கே ஒரே செட்தான் வரும். முன், பின், பக்கம், குறுக்கு என எட்டுத் திசையிலும் வேறு தாள் இருக்க வேண்டுமானால் நாலுக்குக் குறைந்து முடியாது. அடுத்தடுத்த ரெண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் ரெண்டு பேர் என்று எடுத்துக்கொண்டால், அந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

கொடுக்கும் முறை இவ்வளவுதான்:

```
முதல் வரிசை      ஏ  பி  ஏ  பி
இரண்டாம் வரிசை   சி  டி  சி  டி
மூன்றாம் வரிசை   ஏ  பி  ஏ  பி
```

தாள்களை இந்த வரிசையிலேயே முன்கூட்டி அடுக்கிக்கொண்டு போய், இடத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஆளைப் பார்த்து இல்லை. யாராவது வராமல் இடம் காலியாக இருந்தால் அந்த இடத்துக்கான தாளைக் காலி இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். அப்படிச் செய்யாமல் கையில் வரும் தாளைக் கொடுத்துக்கொண்டே போனால் ஒரு காலி இடத்துக்குப் பிறகு வரிசை முழுக்கத் தடம் மாறிவிடும். பெஞ்சுக்கு மூன்று பேர் என்றால் ஏ, பி, ஏ என்று வரும். ஓரத்தில் இருக்கும் இருவருக்கும் ஒரே தாள், நடுவில் ஒருவன். அவன் கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் போச்சு. அதனால் முடிந்தவரை பெஞ்சுக்கு இருவர்தான்.

உட்கார வைப்பது சுலபமான பாதி. கஷ்டம் எண்களில் இருக்கிறது. எண்ணை மாற்றினால் கணக்கு மாறாது என்று நினைப்பவர்கள் ஒரு முறை நாலு செட்டையும் தாங்களே பேனாவால் போட்டுப் பார்க்க வேண்டும். எண் மாறினால் வேலையும் மாறும். அந்த வேலை நாலிலும் ஒரே அளவாக இருக்கும்படி எண்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் இருக்கும் ஒரே வித்தை.

இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டை முதலில் எழுதிவிட்டு விடை எப்படி வருகிறது என்று பார்ப்பது தலைகீழ் வேலை. நான் விடையிலிருந்து தொடங்குகிறேன். எல்லா செட்டுக்கும் ஒரே அச்சு: (2x + p)(x − r) = 0. விரித்தால் 2x² + (p − 2r)x − pr = 0. ஒரு மூலம் பின்னம், −p/2. இன்னொன்று முழு எண், r. ஒரு மூலம் குறை, ஒன்று மிகை. இது நாலு செட்டிலும் மாறாது.

இப்போது p, r என்ன எண்கள்? பையன் செய்யும் வேலையைப் பின்தொடர்ந்து பார்த்தால் பதில் கிடைக்கும். அவன் முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்குகிறான்: −2pr. பிறகு அந்தப் பெருக்கற்பலனும் நடு உறுப்பின் கெழுவும் பொருந்தும் ஜோடியைத் தேடுகிறான். எத்தனை ஜோடிகளைத் தேட வேண்டியிருக்கிறது என்பதுதான் அவனுடைய கஷ்டம். பெருக்கற்பலன் 60 என்றால் 1×60, 2×30, 3×20, 4×15, 5×12, 6×10 என ஆறு ஜோடி. 14 என்றால் ரெண்டே ஜோடி. ஒருவனுக்கு 60, அடுத்தவனுக்கு 14 வந்தால் அது ஒரே தேர்வு இல்லை.

p, r இரண்டையும் வெவ்வேறு ஒற்றைப்படைப் பகா எண்களாக எடுத்தால் இந்தப் பிரச்சினை தானாகத் தீரும். 2, p, r மூன்றும் வெவ்வேறு பகா எண்கள். அவற்றின் பெருக்கற்பலனுக்கு எப்போதும் எட்டு வகுத்திகள், அதாவது நாலு ஜோடிகள். 3, 5, 7 ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு வாய்ப்புகள் வருகின்றன. அதில் p = 5, r = 3 என்றால் சமன்பாடு 2x² − x − 15 = 0. பார்க்க எளிமையாகத் தெரியும் இதைத்தான் நான் முதலில் தள்ளுகிறேன். x-க்கு முன்னால் எண் எழுதப்படாததால் கெழு −1 என்பதைப் பிடிக்க முடியாமல் நிற்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மற்ற செட்டில் இல்லாத ஒரு தடுமாற்றம் இந்த செட்டில் மட்டும் சேர்ந்துவிடுகிறது. p = 7, r = 3 என்றால் 2x² + x − 21 = 0; அதே குறை, கூடவே நடு உறுப்பின் குறியும் மாறிவிடுகிறது. இந்த ரெண்டையும் கழித்தால் சரியாக நாலு மிஞ்சும்:

ஏ செட்: 2x² − 7x − 15 = 0, விடை −3/2, 5
பி செட்: 2x² − 11x − 21 = 0, விடை −3/2, 7
சி செட்: 2x² − 9x − 35 = 0, விடை −5/2, 7
டி செட்: 2x² − 3x − 35 = 0, விடை −7/2, 5

நாலிலும் நாலு ஜோடி, நாலிலும் நடு உறுப்பு குறை, நாலிலும் பெரிய எண்ணுக்குக் குறைக்குறி. ஏ செட்டில் −10x + 3x, பி-யில் −14x + 3x, சி-யில் −14x + 5x, டி-யில் −10x + 7x என்று பிரிப்பு வரும். விடைகளில் சில எண்கள் ரெண்டு செட்டுக்குப் பொதுவாக இருப்பது உண்மைதான். அதைத் தவிர்க்க 11, 13 என்று போனால் எண்கள் பெரிதாகி வேலையின் அளவு மாறத் தொடங்கும். மதிப்பெண் படிகளுக்குத்தான், படிகள் எல்லாவற்றிலும் வேறு. அதனால் இதை நான் விட்டுவிடுகிறேன்.

சி, டி ரெண்டிலும் கடைசி எண் −35 என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு விடைத்தாளில் மேலே 2x² − 9x − 35 = 0 என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அடுத்த வரி 2x² − 10x + 7x − 35 = 0. −10-ஐயும் 7-ஐயும் கூட்டினால் −9 வராது, −3 வரும். அது பக்கத்து டி செட்டின் வரி. பையன் கடைசி எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, ஒரே கணக்கு என்று நம்பிவிட்டான். இப்படிப் பொறி வைப்பதற்காகவே எண்களைப் பொருத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. தாள் கொடுக்கும் முன்பே, நாலு செட் இருக்கிறது, பக்கத்தில் இருப்பது உங்கள் கணக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதோடு எட்டிப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

இந்த முறை மற்றக் கணக்குகளுக்கும் பொருந்தும், ஆனால் ஒவ்வொன்றிலும் கஷ்டம் ஒளிந்திருக்கும் இடம் வேறு. முக்கோணவியலில் அது கோணத்தில் இருக்கிறது. கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தொலைவில் இருந்து பார்க்கும்போது உச்சியின் ஏற்றக்கோணம் இவ்வளவு, உயரம் என்ன என்ற கணக்கில், செட்டுக்கு ஒரு கோணம் என்று 30°, 45°, 60° போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். போட்டுப் பாருங்கள். 45° என்றால் உயரமும் தொலைவும் ஒன்று, கணக்கே இல்லை. அதோடு tan 45°, cot 45° ரெண்டும் 1 என்பதால் விகிதத்தைத் தலைகீழாக எழுதினவனுக்கும் சரியான விடை கிடைத்துவிடும். 60° என்றால் 30√3, ஒரு வரி. 30° என்றால் 30/√3. பகுதியில் இருக்கும் மூலத்தை நீக்கி 10√3 என்று எழுத வேண்டும், ரெண்டு வரி கூடுதல். மூன்றும் மூன்று கணக்கு.

அதனால் கோணத்தைத் தொடுவதில்லை. நாலு செட்டிலும் 30° தான், தொலைவு மட்டும் 24, 30, 36, 42. விடை 8√3, 10√3, 12√3, 14√3. எல்லாம் 3-ன் மடங்காக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு செட்டில் 20 என்று வைத்தால் விடை 20√3/3 என்று நிற்கும். சரியாகப் போட்ட பையனே பின்னத்தைப் பார்த்துப் பயந்து அடித்துவிட்டு மறுபடி போடுவான். கோபுரத்தை ஒரு செட்டில் கலங்கரை விளக்கமாகவும் இன்னொன்றில் தென்னை மரமாகவும் மாற்றுவதும் வேண்டாம். வாசித்துப் படம் போடும் இடத்திலேயே வித்தியாசம் வந்துவிடும்.

tan 45° மாதிரித் தப்பை மறைக்கும் எண்கள் இன்னும் சில உண்டு. உருளையின் கன அளவுக்கு ஆரம் 2 என்று கொடுத்தால், r²-க்குப் பதில் 2r என்று போட்டவனுக்கும் 4 தான் வரும். கூட்டுத் தொடர்வரிசையில் முதல் உறுப்பும் பொது வித்தியாசமும் ஒன்றாக இருந்தால், சூத்திரம் தெரியாமல் n-ஐயும் d-யையும் பெருக்கினவனுக்கும் விடை சரியாக இருக்கும். ஒரு செட்டில் மட்டும் இப்படி ஓர் எண் நுழைந்துவிட்டால் அந்த செட்டின் பிள்ளைகள் காரணம் தெரியாமல் நன்றாகச் செய்தது போலத் தெரிவார்கள். அளவியலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். π-க்கு 22/7 போடுவதால் ஏழு எங்கே அடிபடுகிறது என்பது முக்கியம். ஆரம் 7 என்றால் 7×7-ல் ஒரு ஏழுதான் அடிபட வேண்டும். ரெண்டையும் அடிப்பவர்கள் நிறைய. உயரத்தில் ஏழு இருந்தால் அந்தத் தப்புக்கு இடமில்லை. ஆகவே நாலிலும் ஏழு உயரத்திலேயே இருக்கட்டும்: ஆரம் 5 உயரம் 14, ஆரம் 4 உயரம் 21, ஆரம் 6 உயரம் 14, ஆரம் 3 உயரம் 28. விடைகள் 1100, 1056, 1584, 792.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளியியல் கணக்கு. எல்லாத் தரவுகளோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் திட்டவிலக்கம் மாறாது என்று பாடத்திலேயே இருக்கிறது. நாலு செட்டிலும் வேலையை அச்சு மாறாமல் சமமாக்க இதைவிட நல்ல வழி கிடையாது. 14, 18, 20, 22, 26 என்ற தரவுகளின் சராசரி 20, விலக்கங்கள் −6, −2, 0, 2, 6. வர்க்கங்களின் கூடுதல் 80, ஐந்தால் வகுத்தால் 16, திட்டவிலக்கம் 4. எல்லாவற்றிலும் 4-ஐக் கழித்தால் 10, 14, 16, 18, 22. திட்டவிலக்கம் அதே 4. சிக்கலும் அங்கேதான். வேலை சமம், விடையும் சமம், பக்கத்தில் பார்த்து 4 என்று எழுதினால் சரி. ஆகவே திட்டவிலக்கத்தோடு நிறுத்தாமல் மாறுபாட்டுக் கெழுவைக் கேட்கிறேன். அதில் சராசரியால் வகுக்க வேண்டும் என்பதால் விடை பிரிந்துவிடும். சராசரி 10, 16, 20, 25 என்று வைத்தால் மாறுபாட்டுக் கெழு முறையே 40%, 25%, 20%, 16%. தரவுகளை ஏறுவரிசையில் கொடுக்காமல் செட்டுக்கு ஒரு விதமாகக் கலைத்துக் கொடுத்தால் அட்டவணையின் வரிகளும் ஒன்றுபோல் இருக்காது.

ஒரு மதிப்பெண் வினாக்களில் எண்ணோடு விடையின் இடமும் மாற வேண்டும். "மூணாவதுக்கு ஆ-டா" என்று கிசுகிசுப்பது எந்த எண்ணையும் விடச் சீக்கிரம் வகுப்பைச் சுற்றிவிடும். ஆனால் தப்பான விடைகள் நாலு செட்டிலும் அதே தப்புகளிலிருந்து வர வேண்டும். 2x² − 7x − 15 = 0 இன் மூலங்களின் கூடுதல் என்ன என்று கேட்டால் நான் தரும் தெரிவுகள் 7/2, −7/2, 15/2, −15/2. குறியை மறந்தவனுக்கு ஒன்று, கூடுதலையும் பெருக்கற்பலனையும் குழப்பிக்கொண்டவனுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பி செட்டிலும் 11/2, −11/2, 21/2, −21/2 தான், வரிசை மட்டும் வேறு. சும்மா நாலு எண்ணைப் போட்டு நிரப்பினால் ஒரு செட்டில் விடை தானாகத் தெரிந்துவிடும்.

தேற்றம் எழுது, நிரூபி என்ற வினாக்களுக்கு செட் கிடையாது. எண்ணே இல்லாத இடத்தில் எதை மாற்றுவது? அவற்றை வேறொரு நாள் தனியாக வைத்துவிடுகிறேன்.

தாள் தயாரிப்பது எக்செல்லில்தான். A நெடுவரிசையில் p, B-யில் r என்று கையால் தட்டச்சு செய்கிறேன். மற்றவை சூத்திரம்:

```
C2:  =A2-2*B2
D2:  =-A2*B2
E2:  ="2x²"&TEXT(C2,"+0;-0")&"x"&TEXT(D2,"+0;-0")&"=0"
```

அந்த `TEXT` இல்லாமல் நடுவில் "+" குறியை நாமே போட்டுச் சேர்த்தால் "2x²+-7x" என்று கூட்டலும் கழித்தலும் ஒட்டிக்கொண்டு அச்சாகும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கை தூக்குவார்கள், தேர்வு அறையில் பத்து நிமிடம் போய்விடும். E2-வில் வருவதை அப்படியே வினாத்தாளில் ஒட்டுகிறேன்.

எண்களைக் கணினியே தேர்ந்தெடுக்கட்டும் என்று `RANDBETWEEN` போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், ஏதாவது ஒரு கட்டத்தைத் திருத்தினாலும் புது எண்களைத் தரும். வினாத்தாளை நேற்று அச்சடித்துவிட்டு விடைக்குறிப்பை இன்று எடுத்தால் ரெண்டும் வேறு வேறு தேர்வாக இருக்கும். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் எண்கள் வந்தவுடன் நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் ஒட்டி உறைய வைத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் நாலு செட்டுக்கு இது தேவையே இல்லை. மேலே பார்த்த மாதிரி நல்ல எண்கள் நாலைந்துதான் இருக்கின்றன. தற்செயலாக வரும் எண்ணில் பாதியை எப்படியும் தள்ள வேண்டிவரும்.

ஜெராக்ஸுக்குக் கொடுக்கும் முன் நாலு செட்டையும் நானே ஒரே உட்காரலில், படிகளை விடாமல் எழுதிப் போடுகிறேன். விடை சரியா என்று பார்க்க மட்டும் இல்லை. வரிகளை எண்ணுவேன். ஒரு செட்டில் ஒரு கணக்கு ஆறு வரியிலும் இன்னொன்றில் ஒன்பது வரியிலும் முடிந்தால் அங்கே ஏதோ எண் சரியில்லை. அப்படி எழுதினதே விடைக்குறிப்பாகவும் ஆகிவிடும். நாலு செட்டையும் ஒரே தாளில் நாலு பத்தியாக, வினா எண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டால் திருத்தும்போது பக்கம் புரட்ட வேண்டாம்.

செட் பெயரைத் தாளின் மேலே பெரிதாகவே அச்சிடலாம். சிலர் ரகசியமாக ஒரு புள்ளி வைப்பார்கள். அது ரெண்டாவது தேர்விலேயே வகுப்புக்குத் தெரிந்துவிடும். விடைத்தாளில் செட் பெயரை எழுத மறப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், தப்பாக எழுதுபவர்களும் உண்டு. அதற்காக ஒவ்வொரு கணக்கிலும் சமன்பாட்டையோ தரவையோ முதல் வரியாக எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டேன். முதல் கணக்கின் முதல் வரியைப் பார்த்தால் எந்த செட் என்று தெரிந்துவிடும். திருத்துவது செட் செட்டாகப் பிரித்துக்கொண்டுதான். எல்லா ஏ-யையும் முடித்துவிட்டு பி-க்குப் போனால், பத்துத் தாளுக்குள் அந்த செட்டின் விடைகள் மனப்பாடமாகிவிடும்.

தாள் கொடுக்கும் நாளில் ஒரு புகார் நிச்சயம் வரும். "சார், அவனுக்கு சின்ன நம்பர் சார், எனக்கு மட்டும் பெருசு." அந்தப் பையனைக் கூப்பிட்டு, ரெண்டு செட்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் போடச் சொல்வேன். ஒரு வரிக்கு ஒரு வரி ஒத்துப்போவது தெரிந்ததும், "சரி சார், வேலை ஒண்ணுதான்" என்று உட்கார்ந்துவிடுவான். சில சமயம் புகார் உண்மையாகவும் இருக்கும். அதனால் மதிப்பெண் பதிந்த பிறகு, ஒவ்வொரு கணக்குக்கும் செட் வாரியாகச் சராசரி பார்க்கிறேன். நாற்பது பேர் வகுப்பில் செட்டுக்குப் பத்துப் பேர்தான். அதில் அரை மதிப்பெண் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது, ரெண்டு நல்ல பிள்ளைகள் ஒரே செட்டில் விழுந்தாலே அவ்வளவு வரும். மூன்று செட்டில் பெரும்பாலோர் முடித்த கணக்கை ஒரு செட்டில் பெரும்பாலோர் பாதியில் விட்டிருந்தால் விஷயம் வேறு. அந்தப் பத்துத் தாளையும் எடுத்து எந்த வரியில் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். எல்லோரும் ஒரே வரியில் நின்றிருந்தால் குறை எண்ணில்தான். அப்போது அந்தக் கணக்கை நாலு செட்டிலிருந்தும் எடுத்துவிட்டு மீதி மதிப்பெண்ணுக்குத்தான் கணக்குப் பார்க்கிறேன். ஒரு செட்டுக்கு மட்டும் மதிப்பெண் போட்டுக் கொடுப்பதில்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எக்செல்லில் ஒரு குறிப்பும் எழுதிவைக்கிறேன், அடுத்த வருடம் அதே பாடத்துக்கு அதை எடுக்காமல் இருக்க.